அப்படியே நின்ற 70

கண்ணாடிக் கடை வேலையில் நான் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு சீட்டு வந்தது: −2.00 / +1.50 × 70. முதல் எண் ஸ்பியர், எல்லாத் திசையிலும் ஒரே அளவான பவர்; அடுத்தது சிலிண்டர், ஒரு திசையில் மட்டும் சேரும் பவர்; கடைசி எண் ஆக்சிஸ், சிலிண்டர் நிற்கும் கோணம். சிலிண்டரை பிளஸில் எழுதும் வழக்கம் கண் மருத்துவர்கள் பலருக்கு உண்டு. லென்ஸ் கடைபவர்களோ மைனஸில் கேட்பார்கள். இப்போது சிலிண்டரைப் பெரும்பாலும் லென்ஸின் பின்பக்கத்தில் கடைவதால் அவர்களுக்கு அதுதான் தோது.

மாற்றும் வழி எனக்குத் தெரியும். ஸ்பியரையும் சிலிண்டரையும் குறியோடு கூட்டினால் புது ஸ்பியர், இங்கே −0.50. சிலிண்டரின் எண் மாறாது, குறி மட்டும் மாறி −1.50. கடைசியாக ஆக்சிஸ் 90 டிகிரி திரும்ப வேண்டும்: 90 வரை இருந்தால் கூட்டல், அதைத் தாண்டினால் கழித்தல். ஆக, 70 என்பது 160 ஆகும். நான் முதல் இரண்டையும் செய்துவிட்டு 70-ஐத் தொடாமல் அனுப்பிவிட்டேன்.

சரிபார்க்காமலும் இல்லை. ஸ்பியரோடு சிலிண்டரில் பாதியைக் கூட்டினால் இரண்டு வடிவத்திலும் ஒரே விடை வர வேண்டும். இரண்டிலும் −1.25 வந்தது, நிம்மதியாக இருந்தேன். குறியை மட்டும் மாற்றி ஸ்பியரை மறந்திருந்தால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்திருக்கும். ஆக்சிஸ் அதில் எங்குமே வருவதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

லென்ஸ் வந்ததும் கடையின் மூத்தவர் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் அதை வைத்தார். சீட்டு எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் படிப்பது அவர் வழக்கம். −2.00, +1.50 இரண்டும் சரி. ஆக்சிஸ் மட்டும் 160-இல் நின்றது.

"தம்பி, ஒரு கூட்டல் குறி போடுங்கள்" என்றார். அதைச் சற்றுச் சாய்த்து, ஒரு கோட்டுக்கு 70 என்றும் மற்றதற்கு 160 என்றும் எழுதச் சொன்னார். ஆக்சிஸ் ஓடும் கோட்டில் சிலிண்டருக்குப் பவர் இல்லை. குறுக்குக் கோட்டில்தான் முழுப் பவரும். சீட்டுப்படி 70-இல் −2.00, 160-இல் −0.50. என் லென்ஸில் இரண்டும் இடம் மாறியிருந்தன. ஒரு கோட்டில் 1.50 கூடுதல், மற்றதில் 1.50 குறைவு. 1.50 சிலிண்டர் தேவைப்பட்டவருக்கு, கண்ணாடி போட்ட பிறகு 3.00 பாக்கி நின்றிருக்கும். போடாமலிருப்பதே மேல்!

அன்று முதல் மாற்றி எழுதிய வரியை மறுபடி பழைய வடிவத்துக்குத் திருப்பிப் பார்க்கிறேன். என் தவறான வரியைத் திருப்பினால் −2.00 / +1.50 × 160 வரும், சீட்டில் 70. அரை நிமிட வேலை.

இதே குழப்பம் வாடிக்கையாளர் பக்கமிருந்தும் வரும். பழைய சீட்டில் −0.50, புதியதில் −2.00 என்று கண்டு, "இவ்வளவு ஏறிவிட்டதா?" என்று பதறுவார்கள். விளக்கத் தொடங்கும் முன் பழையதை பிளஸ் வடிவத்தில் எழுதி, புதியதன் கீழே வைத்துவிடுவேன். பல முறை இரண்டு வரிகளும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.