தள்ளுபடி என்று நினைத்த 45 யூரோ

ஜெர்மனியில் ஜனவரியில் வீடு மாறியதும் மின் நிறுவனத்தின் இணையக் கணக்கைத் திறந்தேன். எனக்கு ஜெர்மன் அரைகுறை. அதனால் உலாவியின் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் படித்தேன். மாதந்தோறும் 45 யூரோ தள்ளுபடி என்று பொருள்பட ஒரு வரி இருந்தது. புதிய வாடிக்கையாளருக்குச் சலுகை போலும் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். பிப்ரவரி கடைசியில் Mahnung என்ற தலைப்போடு கடிதம் வந்தது. பாக்கியைக் கேட்டு அனுப்பும் நினைவூட்டலுக்கு அதுதான் பெயர்.

மூலத்தில் இருந்த சொல் Abschlag. கடையில் அதற்கு விலைக்குறைப்பு என்ற பொருளும் உண்டு. மின் கணக்கில் அது மாதத் தவணை. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருவார், ஓடிய யூனிட்டுக்குக் கட்டுவோம். இங்கே ஓர் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அதைப் பதினொன்றாகவோ பன்னிரண்டாகவோ பிரித்து வாங்கிக்கொள்கிறார்கள். உண்மைக் கணக்கு ஆண்டு முடிவில்தான் வரும். எனக்கு பிப்ரவரி முதல் டிசம்பர் வரை பதினொரு தவணை. முதலாவதையே தவறவிட்டிருந்தேன். அன்றிலிருந்து பக்கம் முழுவதையும் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, புரியாத சொல்லை மட்டும் அகராதியில் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறேன். மொத்தம் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான்; அவையே திரும்பத் திரும்ப வருகின்றன.

டிசம்பர் நடுவில், மீட்டர் அளவைப் பதிவு செய்யுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. கணக்கில் அந்த இடத்தின் பெயர் Zählerstand. மீட்டர்கள் நிலவறையில் வரிசையாக இருந்தன. எது என்னுடையது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. பில்லில் உள்ள Zählernummer என்ற எண்ணை மீட்டரின் முகப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தேன். கறுப்புப் பெட்டி, உள்ளே சுழலும் தட்டு உள்ள பழைய வகை. 004387 என்று ஆறு இலக்கங்கள், அவற்றை அடுத்து சிவப்புக் கட்டத்துக்குள் 6.

மேலே வந்து 43876 என்று தட்டினேன். அளவு unplausibel, அதாவது நம்பத்தக்கதாக இல்லை என்று செய்தி வந்தது. கீழே, நான் தந்த அளவு சரிதான் என்று உறுதிசெய்யும் ஒரு சிறு கட்டம். அதில் டிக் அடிக்கப் போனவன், முந்தைய அளவைப் பார்த்து நின்றேன்: 2.914. இரண்டே முக்கால் சொச்சம் அல்ல, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு. இங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளிதான் தசமம். அந்த எண்ணோடு ஒப்பிட்டால் ஒரே ஆண்டில் நாற்பதாயிரம் யூனிட்டுக்கு மேல் ஓடியிருக்க வேண்டும்! சிவப்புக் கட்டத்தில் இருப்பது தசமம். திரையில் எண்ணைத் தட்டும் இடத்துக்குக் கீழே ohne Nachkommastellen என்று பொடி எழுத்தில் எழுதியிருந்ததும் அதைத்தான்: தசமத்தை விட்டுவிட்டு எழுதவும். 4387 என்று திருத்தியதும் ஏற்றுக்கொண்டது.

மாடி வீட்டு அக்காவுக்கு டிஜிட்டல் மீட்டர். அவருடைய குழப்பம் வேறு: திரையில் 1.8.0, 2.8.0 என்ற குறியீடுகளோடு எண்கள் மாறி மாறி வந்தன. மின்வாரியக் கம்பியிலிருந்து நாம் எடுத்தது 1.8.0. கூரையில் சூரியத் தகடு வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் 2.8.0 ஏறும். அவர் எழுத வேண்டியது முதலாவதை.

ஜனவரியில் ஆண்டு பில் வந்தது. நான் முதலில் தேடியது அளவின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். geschätzt என்று இருந்தால் அவர்களே உத்தேசமாகப் போட்டது. எனக்கு அப்படி இல்லை. தொடக்க அளவு 2.914 வீட்டுச் சாவி வாங்கியபோது எழுதிய தாளோடு ஒத்துப்போனது. ஓடியது 1.473 யூனிட். யூனிட்டுக்கு 32 சென்ட் வீதம் 471,36 யூரோ. Grundpreis என்ற நிலைக்கட்டணம் மாதம் 12 வீதம் 144. ஆக 615,36. நான் கட்டியது பதினொரு தவணை, 495. மீதி 120,36 யூரோவின் எதிரே Nachzahlung என்று இருந்தது: நான் இன்னும் கட்ட வேண்டியது. அங்கே Guthaben என்று இருந்திருந்தால் எனக்குத் திரும்பி வர வேண்டியது.

மேல் மூலையில் தடித்த எழுத்தில் 14.01. என்று இருந்ததைக் கெடு என்று நினைத்து ஒரு கணம் பதறினேன். அது Rechnungsdatum, பில் போட்ட நாள். கெடு, தொகைக்கு அருகில் fällig am என்ற சொற்களுக்குப் பின்னால் இருந்தது: 30.01.

அன்றே பணத்தை அனுப்பிவிட்டுப் பில்லை மூடி வைத்திருப்பேன். கடைசிப் பக்கத்தில் புதிய தவணை அட்டவணை இருந்தது தற்செயலாகக் கண்ணில் பட்டது. பிப்ரவரி முதல் மாதம் 56 யூரோ. நிறுவனமே வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளும் நேரடிப் பற்றுக்கு அனுமதி கொடுத்தவர்களுக்கு அது தானாக மாறிவிடும். நானோ மாதந்தோறும் 45 யூரோ அனுப்பும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டு வைத்திருந்தேன். அதைத் திருத்தாமல் விட்டிருந்தால் மாதம் 11 யூரோ குறைந்து, இன்னொரு Mahnung வந்து நின்றிருக்கும்.