வட்டி கட்ட முடியும், தவணை கட்ட முடியுமா? ஒரு மெஷின் லோன் கற்றுத் தந்த கணக்கு

கோவை ஆவாரம்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி மில்லிங் மெஷின். பம்ப், வால்வு உதிரி பாகங்கள்தான் பெரும்பாலும். இரண்டாவதாக ஒரு விஎம்சி வாங்க 40 லட்சம் ஆகும் என்று கொட்டேஷன் வந்தது. கையிலிருந்து 10 லட்சம், வங்கியில் 30 லட்சம் டேர்ம் லோன் என்று கேட்டுப் போனேன். வட்டி 10 சதவீதம், ஐந்து வருடம்.

வங்கிக்கு மூன்று வருட பேலன்ஸ் ஷீட்டும் வரும் வருடங்களுக்கான உத்தேசக் கணக்கும் தர வேண்டும். அதை ஆடிட்டர் தயார் செய்தார். கடைசிப் பக்கத்தில், கடன் தவணை கட்டும் வலுவைக் காட்டும் டி.எஸ்.சி.ஆர். விகிதம் 3.25 என்று தடித்த எழுத்தில் இருந்தது. கிரெடிட் ஆபீசர் மேடம் அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இந்த நம்பர் நிஜமா இருந்தா உங்களுக்கு லோனே தேவையில்லைங்களே. ரெண்டு வருஷம் பொறுத்தா கைக்காசுலயே வாங்கிடலாம்." அப்புறம் பேனாவை எடுத்து, என் கண் முன்னாலேயே அந்த 3.25-ஐ 1.22-க்குக் கொண்டுவந்தார். அந்தக் கணக்கைத்தான் எழுதப் போகிறேன்.

வங்கி பார்ப்பது இரண்டு விகிதம். முதலாவது ஐ.சி.ஆர். தேய்மானம் கழித்து, வட்டிக்கும் வரிக்கும் முன்னால் நிற்கும் லாபம், கட்ட வேண்டிய மொத்த வட்டியைப் போல எத்தனை மடங்கு என்பது. சில வங்கிகள் தேய்மானத்தைக் கழிக்காமலே போடும், அப்போது எண் பெரிதாகத் தெரியும். எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது டி.எஸ்.சி.ஆர். நிகர லாபம், தேய்மானம், டேர்ம் லோன் வட்டி மூன்றையும் கூட்டினால் வருவது மேலே. அந்த வருடம் கட்ட வேண்டிய டேர்ம் லோன் வட்டியும் அசல் தவணையும் கீழே. தேய்மானம் கணக்கில் செலவே தவிர கையை விட்டுப் போன பணம் இல்லை, அதனால்தான் அதைத் திரும்பக் கூட்டுகிறார்கள். அன்றாடச் செலவுக்கு லிமிட் வரை எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட் கடனின் வட்டி ஏற்கெனவே லாபத்தில் கழிந்துவிட்டதால் அதை இதில் சேர்ப்பதில்லை.

எங்கள் நிலவரம் இது. முந்தைய வருட வரவு 72 லட்சம். கூலி, கரண்ட், டூல்ஸ், வாடகை எல்லாம் போக 15 லட்சம் மிச்சம். தேய்மானம் 5 லட்சம் போனால் 10. வட்டி 2 லட்சம். ஐ.சி.ஆர். 5 மடங்கு. யார் பார்த்தாலும் நல்ல பட்டறை என்பார்கள்.

புது மெஷினுக்கு ஆடிட்டர் போட்ட கணக்கு: மணிக்கு 450 ரூபாய், தினம் 20 மணி நேரம், வருடம் 300 நாள். ஆக 27 லட்சம். செலவு 11 லட்சம் போக 16 லட்சம் கூடுதல் வரவு. மேடம் இதை ஏற்கவில்லை. பட்டறைக்கு நேரில் வந்தவர், ஓடிக்கொண்டிருந்த பழைய விஎம்சி முன்னால் போய் நின்று, "இதோட டைமர் பேஜ் காட்டுங்க" என்றார். `OPERATING TIME` என்று ஒரு வரி இருக்கும். மெஷின் புரோகிராமில் ஓடிய மொத்த மணி நேரம் அது. பக்கத்திலேயே `POWER ON` நேரமும் இருக்கும். அது சும்மா ஆன் செய்து நின்ற நேரத்தையும் சேர்த்தது. மெஷின் வாங்கிய தேதியிலிருந்து கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 14 மணி நேரம்தான் வந்தது. செட்டிங் மாற்றுவது, ஜாப் வராமல் காத்திருப்பது, கரண்ட் போவது எல்லாம் இந்த இடைவெளியில் அடங்கிவிடுகிறது. ரேட்டையும் எங்கள் பில்களைப் பார்த்து 400 ஆக்கினார். 400 ரூபாய், 14 மணி, 300 நாள்: 16.8 லட்சம். இரண்டு ஷிப்ட் ஆபரேட்டர் சம்பளம், கரண்ட், டூல்ஸ் என 7.8 லட்சம் போக மிச்சம் 9. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் என் மெஷினே சொல்கிற கணக்கை நான் எப்படி மறுப்பது?

ஆக 15-ம் 9-ம் சேர்த்து 24 லட்சம். தேய்மானம் புது மெஷினோடு சேர்த்து 10 லட்சம். 14 லட்சம் நிற்கிறது. இனி வட்டி. கேஷ் கிரெடிட்டுக்கு 1.1 லட்சம். புது லோன் மாதம் 50,000 அசலாகக் குறைந்துகொண்டே வருவதால் முதல் வருடச் சராசரி பாக்கி 27.25 லட்சம், அதற்கு வட்டி 2.73 லட்சம். மூன்றாவதாக ஒரு பைனான்ஸ் கம்பெனியில் லேத்துக்கு வாங்கிய பழைய கடன். பாக்கி 7.2 லட்சம், மாதம் 30,000 அசல், அந்த வருட வட்டி 0.55 லட்சம். ஆடிட்டர் ஷீட்டில் இதன் வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. சிபில் ரிப்போர்ட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது.

மொத்த வட்டி 4.4 லட்சம். ஐ.சி.ஆர். 14-ஐ 4.4-ஆல் வகுத்தால் 3.2. இது இன்னும் தாராளமான எண். ஆனால் டி.எஸ்.சி.ஆருக்கு வரும்போது படம் மாறுகிறது. 24 லட்சத்தில் கேஷ் கிரெடிட் வட்டி 1.1 போக 22.9 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி வராது, எங்கள் லாபம் அதற்குள்தான் இருந்தது, அதனால் வரி பூஜ்யம். கீழே டேர்ம் லோன் வட்டி 3.3, புது லோன் அசல் 6, பழைய கடன் அசல் 3.6, மொத்தம் 12.9 லட்சம். 22.9-ஐ 12.9-ஆல் வகுத்தால் 1.78.

"சரிங்க மேடம், இதுவே நல்லாத்தானே இருக்கு?" என்றேன். அவர் என் பேங்க் ஸ்டேட்மெண்டைத் திருப்பினார். வீட்டுக்கு அனுப்பியது, பையன் ஸ்கூல் பீஸ், சீட்டுப் பணம், அம்மாவின் மருத்துவச் செலவு என்று எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பென்சில் டிக். கூட்டினால் மாதம் சராசரி 60,000. தனிநபர் நிறுவனத்தில் முதலாளிக்குச் சம்பளம் கிடையாது. எடுக்கிற பணம் செலவில் வராது, மூலதனக் கணக்கில் குறைந்துவிடும். அதனால் லாப நட்டக் கணக்கிலிருந்து மட்டும் போடுகிற டி.எஸ்.சி.ஆரில் நானும் என் குடும்பமும் சாப்பிடுவதே இல்லை! வருடம் 7.2 லட்சத்தை மேலிருந்து கழித்தால் 15.7 லட்சம். வகுத்தால் 1.22. தவணைக்குத் தேவையான ஒவ்வொரு ரூபாய்க்கும் 1 ரூபாய் 22 பைசா. அவர்கள் எதிர்பார்த்தது எந்த வருடமும் 1.25-க்குக் குறையாமல், சராசரி 1.5. வங்கிக்கு வங்கி இது மாறும். கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்து சம்பளத்தைச் செலவில் காட்டுகிறவர்களுக்கு இந்தக் கழிப்பு இன்னொரு முறை வராது.

ஐ.சி.ஆர். 3.2 என்று தெம்பாக இருந்த எனக்கு அந்த எண் சொல்லாத ஒன்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் பளுவில் வட்டி சின்னது. வருடம் 9.6 லட்சம் அசலாகப் போகிறது, அதை ஐ.சி.ஆர். பார்ப்பதே இல்லை. அவரே ஒரு சோதனை போட்டுக் காட்டினார்: புது மெஷின் 14-க்குப் பதில் 10 மணி நேரம்தான் ஓடினால்? வரவு 12 லட்சம், ஆபரேட்டர் சம்பளம் குறையாது, அதனால் செலவு 6.8, மிச்சம் 5.2. ஐ.சி.ஆர். அப்போதும் 2.3. ஆனால் வீட்டுச் செலவு போக தவணைக்கு நிற்பது 11.9 லட்சம், தேவை 12.9. டி.எஸ்.சி.ஆர். ஒன்றுக்குக் கீழே. வட்டியை இரண்டு மடங்குக்கு மேல் கட்டத் தெம்பிருந்தும் தவணை தவறுகிற நிலை.

வழி என்ன? மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுவது, ரேட்டை ஏற்றிக் காட்டுவது இரண்டும் எடுபடாது என்று ஆகிவிட்டது. மேடம் சொன்னது ஏழு வருடத் தவணை. அசல் வருடம் 6-லிருந்து 4.29 லட்சமாகக் குறையும். முதல் வருட வட்டி 2.8 ஆகும். பழைய கடனோடு சேர்த்து மொத்தப் பளு 11.24 லட்சம், டி.எஸ்.சி.ஆர். 1.40. பத்து மணி நேர சோதனையிலும் 1.06, மூச்சு வாங்கும் ஆனால் தாண்டும். இரண்டாம் வருடம் 1.5. மூன்றாம் வருடம் பழைய கடன் முடிந்துவிடுவதால் 2-ஐத் தாண்டும். இதற்கு விலை உண்டு. ஐந்து வருடத்துக்கு மொத்த வட்டி 7.6 லட்சம், ஏழு வருடத்துக்கு 10.6 லட்சம். மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்து முதல் இரண்டு வருடத்துக்கு மூச்சு விடும் இடம் வாங்குகிறோம். நான் ஒத்துக்கொண்டேன். பணம் கையில் இருந்தால் முன்கூட்டியே கட்டிக்கொள்ளலாம், அபராதம் உண்டா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்னால் கேட்டு எழுதி வாங்கினேன்.

ஆறு மாத மொரட்டோரியம் கேட்கலாம் என்று ஆடிட்டர் சொன்னார். கேட்டோம், மூன்று மாதம் கொடுத்தார்கள். ஆனால் மேடம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அசல் கட்டாத மாதங்கள் இருக்கிற வருடத்தில் டி.எஸ்.சி.ஆர். தானாக அழகாகத் தெரியும், முழுத் தவணையும் கட்டுகிற வருடம்தான் உண்மை என்றார். சராசரியையும் அதே காரணத்துக்காகத்தான் நம்ப வேண்டாம் என்பேன். பழைய கடன் முடிந்த பின் வரும் பெரிய எண்கள் முதல் வருடத்தின் நெருக்கடியை மூடிவிடும்.

இந்தக் கணக்கு எதிலும் பிடிபடாத ஓர் இடமும் இருக்கிறது. டி.எஸ்.சி.ஆர். பில் போட்டதை வரவு என்று எடுத்துக்கொள்கிறது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருந்தாலும் எங்கள் வாடிக்கையாளர்கள் 90 நாள்தான். கூடுதல் பில் 16.8 லட்சத்தில் கால்வாசி, அதாவது 4.2 லட்சம், எப்போதும் வெளியே நிற்கும். ஒரு தடவை மட்டும் விழும் பள்ளம்தான், ஆனால் விழுவது முதல் வருடத்தில், டி.எஸ்.சி.ஆர். 1.40 ஆக இருக்கிற அதே வருடத்தில். தவணை போக மிஞ்சுவது 4.46 லட்சம் என்று பார்த்தால், முக்கால்வாசிக்கும் மேல் இங்கேயே போய்விடுகிறது.

அதனால் லோன் சாங்ஷன் ஆன கையோடு கேஷ் கிரெடிட் லிமிட்டை உயர்த்தவும் விண்ணப்பம் கொடுத்தோம். அங்கே மேடம் முதலில் எடுத்தது ஐ.சி.ஆரைத்தான். கேஷ் கிரெடிட்டில் அசல் தவணை கிடையாது, மாதாமாதம் வட்டி ஓடினால் போதும், அதற்குப் பொருத்தமான அளவுகோல் அது. கூடுதல் 4 லட்சத்துக்கு வட்டி 40,000, மொத்த வட்டி 4.85 லட்சம், ஐ.சி.ஆர். 2.9. அன்றைக்கே சிபாரிசு எழுதிவிட்டார்.