103.87-க்கு வாங்கிய பத்திரம்: பிரீமியத்தை ஆண்டுக் கணக்கில் கரைத்த அனுபவம்

மும்பை ஃபோர்ட் பகுதியில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் நிதி முதலீட்டுப் பிரிவு, கையில் இருந்த உபரிப் பணத்தில் 1 கோடி ரூபாய் முகமதிப்புள்ள கடன் பத்திரம் ஒன்றை வாங்கியது. பத்திரம் தரும் வட்டியான கூப்பன் 9 சதவீதம். ஆண்டுக்கு ஒரு முறை செப்டம்பர் 30 அன்று வரும். முதிர்வுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. சந்தையில் அப்போது வட்டி 8 சதவீத அளவில் இருந்ததால் அந்தப் பத்திரம் முகமதிப்புக்குக் கிடைக்கவில்லை. நூறு ரூபாய்க்கு 103.87 என்ற விலையில், அக்டோபர் 1 அன்று கைக்கு வந்தது.

முதலீட்டுப் பிரிவில் இருப்பவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட மூத்தவர். “9 சதவீதப் பத்திரம்தானே அம்மா, ஆண்டுக்கு 9 லட்சம் வருமானம் என்று எழுதிவிட வேண்டியதுதானே?” என்று கேட்டார். “எழுதலாம் சார். ஆனால் கடைசி நாளில் கைக்கு வரப்போவது 1 கோடி மட்டும். அதற்கு மேல் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு யார் பதில் சொல்வது?” என்றேன். ஆண்டுதோறும் 9 லட்சத்தை வருமானமாகக் காட்டிக்கொண்டே போனால், முதிர்வு ஆண்டில் ஏறக்குறைய 4 லட்சம் நட்டமாக வந்து விழும். உண்மையில் அந்த ஆண்டில் எந்த நட்டமும் நடந்திருக்காது. சந்தை வட்டியைவிட அதிகமான கூப்பன் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தோம். ஒவ்வொரு கூப்பனிலும் அதில் ஒரு பகுதி நமக்குத் திரும்பி வருகிறது. அந்தப் பகுதியைப் பிரித்தெடுப்பதுதான் பயனுறு வட்டி முறை.

முதிர்வு வரை வைத்திருந்து வட்டியையும் அசலையும் வாங்கிக்கொள்வதே எங்கள் நோக்கம். அதனால் நிதிக் கருவிகளுக்கான இந்தியக் கணக்கியல் தரமான இன்ட் ஏஎஸ் 109-இன் கீழ், வாங்கிய விலையை பயனுறு வட்டி முறையில் முதிர்வு வரை கரைத்துக் காட்டும் கடன்தீர் மதிப்பு வகையில் இந்தப் பத்திரம் சேர்ந்தது. அந்த வகையில் தரகும் முத்திரை வரியும் செலவாக எழுதப்படாமல் முதலீட்டின் விலையோடு சேரும். பத்திரத்தின் விலை 1,03,87,000 ரூபாய். தரகு முதலான செலவு 12,271 ரூபாய். ஆகப் பேரேட்டில் ஏறிய தொகை 1,03,99,271. முகமதிப்புக்கு மேல் போன 3,99,271-தான் கரைக்க வேண்டிய பிரீமியம்.

இந்த இடத்தில் கவனம் தேவை. தரகர் அனுப்பிய ஒப்பந்தச் சீட்டில் ஈட்டு விகிதம் 8.03 சதவீதம் என்று இருந்தது. அது 103.87 என்ற விலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. நாம் கொடுத்த மொத்தப் பணத்துக்கு உரிய விகிதத்தை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். எக்செலில் ஒரே வரி போதும்:

```
=RATE(5, 900000, -10399271, 10000000)
```

ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு வரும் கூப்பன், இன்று வெளியே போன பணம், கடைசியில் வரும் அசல் என்ற வரிசை அது. வெளியே போனதற்கு மட்டும் கழித்தல் குறி. விடை 8 சதவீதம். இந்தக் கட்டத்தை எக்செல் தசமம் இல்லாமல் காட்டுவது வழக்கம், 8.03 இருந்தாலும் 8% என்றே தெரியும். தசம இடங்களை நான்கைந்துக்கு விரித்துப் பார்த்த பிறகே அந்த எண்ணை நம்பினேன்.

விகிதம் கிடைத்தபின் அட்டவணை எளிது. ஆண்டின் தொடக்கத்தில் இருக்கும் தொகையில் 8 சதவீதம் வருமானம். கூப்பன் 9 லட்சத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது அந்த ஆண்டில் கரையும் பிரீமியம். அதை முதலீட்டுத் தொகையிலிருந்து குறைத்தால் அடுத்த ஆண்டின் தொடக்கம்.

| கூப்பன் ஆண்டு | தொடக்கத் தொகை | வருமானம் (8%) | கரையும் பிரீமியம் |
|---|---|---|---|
| 1 | 1,03,99,271 | 8,31,942 | 68,058 |
| 2 | 1,03,31,213 | 8,26,497 | 73,503 |
| 3 | 1,02,57,710 | 8,20,617 | 79,383 |
| 4 | 1,01,78,327 | 8,14,266 | 85,734 |
| 5 | 1,00,92,593 | 8,07,407 | 92,593 |

ஐந்தாம் வரிசையின் முடிவில் மிஞ்சுவது சரியாக 1,00,00,000. விகிதம் சரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதே அட்டவணையைத் தரகரின் 8.03 சதவீதத்தில் ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் 18,000 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம் நின்றது. இப்படி மிச்சம் நிற்கும்போது அதைக் கடைசி ஆண்டில் திணித்துச் சமன் செய்யும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஓரிரு ரூபாய் என்றால் அது முழு எண்ணாக்கியதால் வந்தது, விட்டுவிடலாம். ஆயிரக்கணக்கில் நின்றால் விகிதமோ விலையோ தவறு. மேலே போய்த்தான் தேட வேண்டும்.

பிரீமியத்தை ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 79,854 என்று சமமாக எழுதினால் என்ன என்று முதலீட்டுப் பிரிவு கேட்டது. எழுதினால், ஆண்டுதோறும் வருமானம் 8,20,146 என ஒரே அளவாக நிற்கும். முதலீட்டுத் தொகை மட்டும் குறைந்துகொண்டே போகும். முதல் ஆண்டில் 7.89 சதவீதம் சம்பாதித்ததாகவும் கடைசி ஆண்டில் 8.14 சதவீதம் சம்பாதித்ததாகவும் கணக்கு பேசும். வாங்கிய நாளிலேயே 8 சதவீதம் என்று உறுதியான ஒரு பத்திரம் ஆண்டுக்கு ஆண்டு தேறிக்கொண்டே போவதாகக் காட்டுவது சரியல்ல.

இதுவரை பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். மார்ச் 31 வந்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கியது. அட்டவணை அக்டோபர் முதல் செப்டம்பர் வரை ஓடுகிறது. எங்கள் கணக்கு ஆண்டோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. அட்டவணையின் எந்த வரிசையையும் அப்படியே எடுத்துப் பதிய முடியாது.

முதல் மார்ச்சில் கடந்திருந்தது ஆறு மாதம். முதல் வரிசையில் பாதியை எடுத்தோம்.

வர வேண்டிய கூப்பன் பற்று 4,50,000. வட்டி வருமானம் வரவு 4,15,971. பத்திர முதலீடு வரவு 34,029. முதலீட்டின் இருப்பு 1,03,65,242 ஆயிற்று.

செப்டம்பர் 30 அன்று வங்கிக்கு வந்தது 8,10,000; 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தது 90,000. இரண்டையும் பற்றில் எழுதி, மார்ச்சில் காட்டிய 4,50,000-ஐத் தீர்த்து, மீதிப் பாதிக்கு மறுபடியும் 4,15,971 வருமானம், 34,029 பிரீமியம். அடுத்த மார்ச்சில் இரண்டாம் வரிசையின் பாதி: வருமானம் 4,13,248, பிரீமியம் 36,752.

ஆக, முதல் முழு நிதியாண்டின் வருமானம் 8,29,219. தணிக்கைக்கு வந்த இளைஞர் திருநெல்வேலிக்காரர். அட்டவணையை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்த 8,29,219 இதில் எங்குமே இல்லையே?” என்றார். நியாயமான கேள்வி. இரண்டு பாதிகளையும் கூட்டிக் காட்டினேன். பிறகு, “சென்ற மார்ச் இருப்பு 1,03,65,242 இருக்கிறது அல்லவா, அதை 8 சதவீதத்தால் பெருக்குங்கள் தம்பி” என்றேன். கால்குலேட்டரில் அதே 8,29,219 வந்தது.

இது தற்செயல் இல்லை. கூப்பன் ஆண்டுக்குள் வருமானத்தை மாதக் கணக்கில் பிரித்தால், முதலீட்டு இருப்பும் அதே விகிதத்தில் நேர்கோட்டில் இறங்கும். ஆகையால் கூப்பன் எந்த மாதத்தில் வந்தாலும், இரண்டு மார்ச்களுக்கு இடைப்பட்ட முழு ஆண்டின் வருமானம், முந்தைய மார்ச் இருப்பில் 8 சதவீதத்தோடு ஒத்துப்போகும். ஒரு நிபந்தனை: அந்த இருப்பில் வர வேண்டிய கூப்பன் கலந்திருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டு வைப்பவர்களுக்கு இந்தச் சோதனை பலிக்காது. அதனால்தான் தனித்தனிக் கணக்காக வைத்தோம்.

பாதி ஆண்டை இப்படிச் சரிபாதியாகப் பிரிக்கலாமா என்று தணிக்கையாளர் கேட்டார். கறாராகப் பார்த்தால் ஆறு மாதத்துக்குக் கூட்டு வட்டி முறையில் 3.923 சதவீதம்தான், முதல் மார்ச்சில் 4,07,968 வந்திருக்கும். நாங்கள் எழுதியதைவிட 8,003 குறைவு. அடுத்த கூப்பன் நாளுக்குள் அந்த வித்தியாசம் தானாகவே தீர்ந்துவிடும். எங்கள் நிறுவனத்தின் அளவுக்கு அது பொருட்படுத்த வேண்டிய தொகை இல்லை என்றும், ஒவ்வோர் ஆண்டும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும் என்றும் எழுதிவைத்து ஏற்றுக்கொண்டார். பெரிய முதலீட்டுத் தொகுப்பு வைத்திருப்பவர்கள் இதை இவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது.

வரிக் கணக்கு தயாரிக்கும்போது இன்னொரு கேள்வி வந்தது. பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வட்டி 9,00,000 என்று இருக்கிறது. எங்கள் லாப நட்டக் கணக்கில் 8,29,219. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதுபோல் தோன்றும். வித்தியாசம் 70,781. அந்த ஆண்டில் கரைந்த பிரீமியம் 34,029-உம் 36,752-உம் சேர்ந்தால் அதே 70,781. தொடக்கத்திலும் முடிவிலும் வர வேண்டிய கூப்பன் 4,50,000 ஆகவே இருப்பதால் அது இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. முதல் மார்ச்சில் நிலைமை வேறு: படிவத்தில் ஒன்றுமே இல்லை, புத்தகத்தில் 4,15,971 வருமானம் இருந்தது. இந்த இரண்டுக்கும் ஒரு சமன்பாட்டுத் தாள் தயாரித்து அட்டவணையோடு சேர்த்தே கோப்பில் வைத்தோம்.

நாங்கள் கூப்பன் நாளுக்கு மறுநாள் வாங்கியதால் விற்றவருக்குச் சேர்ந்த வட்டி எதுவும் தர வேண்டியிருக்கவில்லை. இடையில் வாங்கியிருந்தால், அந்த வட்டியும் விலையோடு சேர்ந்து ஒரே தொகையாக வங்கியிலிருந்து போயிருக்கும். அதைப் பிரித்து வர வேண்டிய கூப்பனில் எழுத வேண்டும்; பிரீமியத்தில் சேர்த்தால் விகிதமே கெட்டுவிடும்.

முதிர்வு நாளில் கடைசிக் கூப்பனோடு 1 கோடி வங்கிக்கு வந்தது. ஐந்தாம் வரிசையின் மீதிப் பாதியை முதலில் பதிந்தோம். முதலீட்டுக் கணக்கில் 1,00,00,000 நின்றது. வங்கி பற்று, முதலீடு வரவு. பேரேடு பூஜ்யமாயிற்று, லாப நட்டக் கணக்குக்கு அந்தப் பதிவிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.