பொடி வியாபாரத்துக்கு வாட்ஸ்அப்: 500 ரூபாயில் வாடிக்கையாளர் பிடித்த அனுபவம்

திருச்சி கே.கே.நகரில் வீட்டிலேயே இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, சாம்பார்ப்பொடி செய்து விற்கிறேன். வறுப்பது, பொட்டலம் போடுவது எல்லாம் நான் ஒருத்திதான் என்பதால் வாரத்துக்குப் பத்து கிலோவுக்கு மேல் முடியாது. விளம்பரத்துக்கென்று நான் எடுத்து வைத்தது 500 ரூபாய். அதில் 200 ரூபாய்க்கு 100 ஸ்டிக்கர் அடித்தேன். மீதி 300 ரூபாயில் இருபது கிராம் சாம்பிள் பாக்கெட் ஐம்பது போட்டேன். மற்றதெல்லாம் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் செலவில்லாமல் நடந்தது.

முதலில் ஒரு விஷயம். சாப்பிடும் பொருள் விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள். சின்ன அளவில் செய்பவர்களுக்கான அடிப்படைப் பதிவு இருக்கிறது, ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண் ஸ்டிக்கரில் இருந்தால், அறிமுகமில்லாதவர்களும் தயங்காமல் வாங்குகிறார்கள்.

செயலியில் நான் முதலில் செய்தது கேட்டலாக், அதாவது பொருள்களைப் படமும் விலையுமாக அடுக்கிக் காட்டும் பட்டியல். ஐந்நூறு பொருள் வரை போடலாம், எனக்கு எட்டே போதும். நான்கு பொடி, ஒவ்வொன்றும் 100 கிராம், 250 கிராம். இரண்டு எடையையும் தனித்தனிப் பொருளாகவே போட்டேன். வாடிக்கையாளர் தேவையானதைக் கார்ட்டில் சேர்த்து அனுப்பும்போது மொத்தத் தொகை சரியாக வந்துவிடும், நான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. விலையைக் கட்டாயம் போட்டுவிடுவேன். "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று எழுதினால் பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுவார்கள், நானே கடைகளில் அப்படிப் போயிருக்கிறேன். விலைக்குக் கீழே காரம் எவ்வளவு, பூண்டு உண்டா இல்லையா, எத்தனை நாள் கெடாது என்று மூன்று வரி. பூண்டு பற்றிய அந்த ஒரு வரி தினமும் வரும் ஏழெட்டுக் கேள்வியை மிச்சப்படுத்தியது.

படத்துக்குக் கேமரா வாங்கவில்லை. காலை எட்டு மணி வெளிச்சத்தில், பால்கனியில், கடப்பைக்கல் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. பொடியைக் குவித்து நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் விட்டு, பக்கத்தில் இட்லியின் ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம். பாக்கெட்டின் படம் இரண்டாவதாக வரும். பாக்கெட்டைப் பார்த்து யாருக்கும் நாக்கு ஊறாது. கேட்டலாக்கில் போடுவதை வாட்ஸ்அப் சரிபார்த்த பிறகே காட்டும், மருந்துப் பொருள்களை அனுமதிக்காது. அதனால் கறிவேப்பிலைப்பொடிக்கு "முடி வளரும், சர்க்கரை குறையும்" என்றெல்லாம் எழுதாதீர்கள். சாதத்தில் பிசைந்து சாப்பிட நன்றாக இருக்கும் என்றால் போதும். அதுதானே உண்மையும்.

இனி, இந்த வியாபாரத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஸ்டேட்டஸ் யாருக்குத் தெரியும்? நாம் அவர் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும், அவரும் நம் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தெரியாது. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் அப்படித்தான். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைச் சேமிக்காதவருக்குச் செய்தி போகவே போகாது. எவ்வளவு அழகாகப் படம் எடுத்தாலும், எதிர்ப்பக்கத்தில் நம் பெயர் சேமிக்கப்படவில்லை என்றால் அது அவர் கண்ணில் படாது. ஆகவே அந்த 500 ரூபாய் முழுவதையும் இந்த ஒரு வேலைக்கே செலவழித்தேன்: வாங்கியவர் என் எண்ணைச் சேமிக்க வேண்டும்.

ஸ்டிக்கரில் செயலியே உருவாக்கித் தரும் கியூஆர் கோடை அச்சிட்டேன். அதை ஸ்கேன் செய்தால் என்னுடனான சாட் திறக்கும், "பொடி வாங்கினேன், புதுசு வந்தால் சொல்லுங்கள்" என்ற வாசகம் முன்கூட்டியே இருக்கும். அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும். உடனே என் வரவேற்புச் செய்தி தானாகப் போகும்: "நன்றி. இந்த எண்ணை 'பொடி அக்கா கே.கே.நகர்' என்று சேமித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு புதன்கிழமையும் என்ன பொடி என்று ஸ்டேட்டஸில் தெரியும்." கையோடு என் எண்ணையும் கான்டாக்ட்டாகவே அனுப்பிவிடுவேன், தொட்டால் சேமிக்கலாம். நானும் அதே நேரத்தில் அவர் எண்ணை, பெயர், தெரு, வாங்கிய பொடி என்ற வரிசையில் சேமித்துவிடுவேன். வயதானவர்கள் வீட்டுக்கு நேரில் கொடுக்கும்போது, "அம்மா, போனைக் கொடுங்க, என் நம்பரைப் போட்டுத் தரேன்" என்று கேட்டால் ஒருவரும் மறுத்ததில்லை. சாம்பிள் பாக்கெட்டையும் கண்ட இடத்தில் நீட்டவில்லை. ஸ்கேன் செய்து செய்தி அனுப்பியவருக்கு மட்டும் கொடுத்தேன்.

யார் சேமிக்கவில்லை என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. பிராட்காஸ்ட்டில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, மறுநாள் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற பட்டியல் வரும். அதில் இல்லாதவர் பெரும்பாலும் எண்ணைச் சேமிக்காதவர். அடுத்த முறை அவர் வாங்கும்போது மறக்காமல் கேட்டுக்கொள்வேன். ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் பட்டியலை மட்டும் நம்பிவிடக் கூடாது. நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர் பார்த்திருந்தாலும் பெயர் வராது.

ஸ்டேட்டஸுக்கு என் வாரக் கணக்கு இது. கறிவேப்பிலைப்பொடி வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதன் மாலை, காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்த கறிவேப்பிலையை உருவி நிழலில் உலர்த்தியிருக்கும் படம், கீழே "இந்த வாரம் 4 கிலோ, வியாழன் இரவு 8 மணி வரை ஆர்டர்" என்று ஒரு வரி. வியாழன் காலை, இரும்புச் சட்டியில் உளுந்து சிவந்து வருகிற பத்து விநாடி வீடியோ. சத்தத்தோடு போட வேண்டும், அந்தப் படபடப்புச் சத்தத்துக்கே பதில் வரும். வியாழன் மாலை ஆறு மணிக்கு "இன்னும் ஒன்றரைக் கிலோதான்" என்று மீதி எவ்வளவோ அதை உள்ளபடி எழுதுவேன். வெள்ளி அரைப்பு, சனி விநியோகம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் எதுவும் போடுவதில்லை. ஒரே நாளில் பதினைந்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்களை நாம் என்ன செய்கிறோம்? மியூட் செய்துவிடுகிறோம். மியூட் செய்தவர் திரும்பி வருவது அபூர்வம். ஆர்டரில் பெரும்பங்கு அந்த வியாழன் மாலை ஸ்டேட்டஸுக்குப் பதிலாகத்தான் வருகிறது.

குழு விஷயம் கொஞ்சம் பெரியது. பக்கத்தில் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்குபவர்கள் அதிகம் என்பதால் அவர்களுக்கென்று தனிக் குழு வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. பட்டியலை ஒருவர் போடுவார், அடுத்தவர் அதை நகலெடுத்துத் தன் வரியைச் சேர்த்துத் திரும்பப் போடுவார். இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் நகலெடுத்தால் ஒருவருடைய வரி காணாமல் போகும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, "அக்கா, நான் ஆறாவதா எழுதினேனே, என் பேரு எங்கே?" என்று மூன்றாம் மாடியிலிருந்து போன். தேடிப் பார்த்தால் ஏழாவதாக எழுதியவர் அதற்கு முந்தைய பட்டியலை நகலெடுத்திருந்தார். அன்றோடு அந்த முறையை நிறுத்தச் சொன்னேன். இப்போது குழுவில் நான் கேட்டலாக் இணைப்பை மட்டும் போடுவேன், ஆர்டர் என் தனிச் சாட்டுக்குக் கார்ட்டாக வர வேண்டும். எந்தப் பொடி செய்யலாம் என்று கேட்க மட்டும் குழுவில் வாக்கெடுப்பு. வாக்கை ஆர்டராக எண்ணிப் பருப்பு வாங்கிவிடக் கூடாது. வாக்களித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் வாங்குகிறார்கள்.

குழுவில் இன்னொரு சிக்கல், உறுப்பினர்கள் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அழைப்பு இணைப்பு கைமாறிக் கைமாறி யாரோ ஒருவர் உள்ளே வந்து, எல்லாருக்கும் தனித்தனியாக இன்சூரன்ஸ் செய்தி அனுப்பத் தொடங்கினார். அன்றே பழைய இணைப்பை ரத்து செய்து, புதியவர் சேர அட்மின் ஒப்புதல் வேண்டும் என்று மாற்றினேன். அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்ற அமைப்பையும் வைத்தேன். காலை வணக்கப் படங்களும் நின்றன. அந்தக் குடியிருப்பு தவிர மற்ற இடங்களுக்குக் குழுவே வைக்கவில்லை, பிராட்காஸ்ட்தான். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. முகம் தெரியாதவர்களின் எண்ணை எங்கிருந்தாவது வாங்கிச் சேர்க்கும் யோசனை வேண்டவே வேண்டாம். பலர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் கணக்கே முடக்கப்படும், வியாபாரம் முழுவதும் அந்த ஓர் எண்ணில்தானே இருக்கிறது.

திரும்ப வாங்க வைப்பதற்கு, சாட்களை வகை பிரித்துக் குறித்து வைக்கும் லேபிள் கைகொடுக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் 250 கிராம் சாம்பார்ப்பொடி சுமார் ஒரு மாதம் வரும். வாங்கியவருக்கு "சாம்பார் - முதல் வாரம்" என்று லேபிள் போட்டு வைத்து, அடுத்த மாதம் அதே வாரத்தில் அந்த லேபிளைத் திறந்து ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவேன்: "சாம்பார்ப்பொடி தீர்ந்திருக்குமே, இந்த வாரம் அரைக்கிறேன், எடுத்து வைக்கவா?" மொத்தமாக அனுப்பும் செய்திக்குப் பத்தில் ஒருவர் பதில் சொன்னால், இதற்குப் பத்தில் ஐந்தாறு பேர் சொல்கிறார்கள். போன மாதம் காரம் தூக்கலாக இருந்தது என்பதையும் இப்படி எழுதும்போதுதான் சொல்வார்கள்.

பணம் யூபிஐயில்தான். கார்ட் வந்தாலே பணம் வந்ததாக அர்த்தமில்லை. ஒரு சுருக்கச் சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வரும் குயிக் ரிப்ளையில் "/பணம்" என்று சேமித்து வைத்திருக்கிறேன், யூபிஐ எண்ணும் விநியோக நேரமும் ஒன்றாகப் போய்விடும். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொருள் கொடுப்பதில்லை, வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே "பணம் வந்தது" லேபிள்.

250 கிராம் இட்லிப்பொடி 130 ரூபாய். பருப்பு, மிளகாய், எள் 55, பாக்கெட்டும் ஸ்டிக்கரும் 8, எரிவாயுவும் அரைப்புக் கூலியும் 7, ஆக 70 போனால் 60 ரூபாய் நிற்கிறது. அதில் என் உழைப்பும் அடக்கம். காசு கொடுத்துச் செய்யும் விளம்பரத்தை நான் தொடாததற்கு இதுவும் காரணம். அதைப் பார்த்துத் தூரத்து ஊர்க்காரர் 250 கிராம் கேட்டால், கூரியர் செலவு பொடி விலையில் பாதியைத் தொட்டுவிடும். பத்து கிலோவுக்கு ஆர்டர் நிறைந்ததும் கேட்டலாக்கில் பொருள்களை மறைத்துவிட்டு, பிறகு கேட்பவர்களை அடுத்த வாரத்துக்கு எழுதிக்கொள்கிறேன்.