412 வீடியோவும் ஒன்றேதானாம்

போன ஞாயிறு இரவு, ஒரே வீடியோவின் பிரதிகளைக் கண்டுபிடிக்க எழுதிய நிரலை ஓடவிட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 412 வீடியோக்களை ஒரே குழுவில் போட்டு, எல்லாம் ஒன்றின் பிரதிகள் என்கிறது. அந்தக் குழுவில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்து இருக்கிறது, சித்தப்பா மகளின் சடங்கு இருக்கிறது, நானுஓயா ஸ்டேஷனில் யாரோ வடை வாங்கும் 14 வினாடியும் இருக்கிறது. சித்தப்பாவிடம் காட்டினேன். "ஒன்னை வச்சிட்டு மிச்சத்த அழிச்சிருடா, டிஸ்கு மிச்சம்" என்றார்.

மொத்தம் 9,300 கோப்புகள். தலவாக்கலைப் பக்கத்து நாலைந்து தேயிலைத் தோட்டங்களில் பத்து வருடமாகப் பிடித்த கூத்து, திருவிழா, கல்யாணம் எல்லாம் வாட்ஸ்அப், பென் டிரைவ், பழைய சீடி என்று பல வழிகளில் வந்து சேர்ந்தவை. ஒரே பதிவு ஆறு ஏழு உருவத்தில் கிடக்கிறது: அசல், வாட்ஸ்அப் நசுக்கியது, ஸ்டேட்டஸுக்காக 30 வினாடிக்கு வெட்டியது, கடையில் கொடுத்து டீவீடி ஆக்கியது. கோப்பின் பைட்களிலிருந்து ரேகை எடுக்கும் எம்டி5 இதற்கு உதவாது. ஒரு பைட் மாறினாலும் அது வேறு கோப்பு என்றுதான் சொல்லும். அதனால்தான் படத்தின் தோற்றத்திலிருந்து ரேகை எடுக்கும் டிஹாஷ். வினாடிக்கு ஒரு பிரேம், 9×8 சாம்பல் படம், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் வலது பக்கம் வெளிச்சமாக இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. வரிசைக்கு 8, எட்டு வரிசைக்கு 64 பிட். இரண்டு பிரேமுக்கு நடுவே 10 பிட்டுக்குள் வித்தியாசம் என்றால் ஒன்று எனக் கொள்வேன். வேறு வேறு படங்கள் என்றால் சராசரியாக 32 பிட் மாறும், அதனால் 10 பத்திரமான எல்லை என்று நம்பியிருந்தேன்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. 412-ல் சில ஹாஷ்களை எடுத்து எட்டு எட்டாக உடைத்து எழுதிப் பார்த்தேன். எல்லா வரிசையும் `001??000` என்றே இருந்தது. நடுவில் உள்ள இரண்டு கேள்விக்குறிகள் மட்டும்தான் மாறுகின்றன.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இவை எல்லாம் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்து, பிறகு எடிட்டிங் ஆப்பிலோ கடையிலோ அகலத் திரைக்கு மாற்றியவை. 1280×720 சட்டத்தில் நடுவே 405 புள்ளி அகலத்துக்குத்தான் படம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. ஒன்பது நெடுவரிசையாகச் சுருக்கும்போது முதல் மூன்றும் கடைசி மூன்றும் கறுப்பு, படம் நடு மூன்றில் மட்டும். கறுப்புக்கும் கறுப்புக்கும் வித்தியாசமில்லை, எனவே 0. பட்டையிலிருந்து படத்துக்குள் நுழையும் இடம் எப்போதும் 1, வெளியே வரும் இடம் எப்போதும் 0. வரிசைக்கு 2 பிட், மொத்தம் 16 பிட்தான் படத்தைப் பற்றிப் பேசுகிறது. மீதி 48-ம் "நான் நிமிர்த்தி எடுத்த வீடியோ" என்று மட்டும் சொல்கிறது. காசு சுண்டிப் போட்டதுபோல் 16 பிட்டும் அமைந்தால்கூட, பத்தில் ஒன்பது ஜோடி 10-க்குள் வந்துவிடும். பிறகு ஏன் எல்லாம் ஒட்டிக்கொள்ளாது?

இதே பட்டை மறுபக்கமும் கெடுக்கிறது. காமன் தகன வீடியோ ஒன்றின் அசல் 720×1280, பட்டை இல்லை. அதன் டீவீடிப் பிரதியில் பட்டை இருக்கிறது. உண்மையில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் வித்தியாசம் 27 பிட் வந்தது. ஒன்றானதைப் பிரித்து, வேறானதைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

சரி, பட்டையை வெட்டுவோம் என்று ffmpeg-ல் ஓரப் பட்டையைக் கண்டுபிடிக்கும் வடிகட்டியான cropdetect-ஐப் பிடித்தேன்:

```
ffmpeg -ss 60 -i a.mp4 -t 20 -vf cropdetect=limit=24:round=2 -f null -
```

பகல் வீடியோக்களில் அகலம், உயரம், தொடங்கும் இடம் என்ற வரிசையில் `crop=404:720:438:0` என்று அழகாக வந்தது. கூத்து வீடியோவில் `crop=236:388:520:214`. கூத்து நடப்பது ராத்திரி. பந்தத்தைச் சுற்றி நாலு முகம் தெரியும், மீதி இருட்டு. இந்த வடிகட்டி ஓரத்திலிருந்து வரிவரியாக வெளிச்சத்தின் சராசரியைப் பார்த்து, 24-க்குக் கீழே இருந்தால் பட்டை என்று வெட்டிக்கொண்டே போகிறது. வீடியோவில் கறுப்பு என்பது வழக்கமாக 16. எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள இருட்டு 19, 20 இருக்கும். அதையும் பட்டையாக நினைத்து, பந்தத்தை மட்டும் விட்டுவைத்தது.

லிமிட்டை 18-க்கு இறக்கினேன். அப்படியும் சில தப்பாகவே வந்தன. பிறகு ஒரு விதி சேர்த்தேன்: பட்டை இடவலமாக இருக்கும், இல்லையென்றால் மேல்கீழாக இருக்கும். எனவே வெட்டு முழு உயரத்தையோ முழு அகலத்தையோ தொட்டே ஆகவேண்டும். நாலு பக்கமும் வெட்டச் சொன்னால் அது பட்டையில்லை, இருட்டு. அந்த விடையை எறிந்துவிட்டு வேறு ஐந்து இடங்களில் சோதித்து, கிடைத்ததில் படம் அதிகம் மிஞ்சும் வெட்டை எடுக்கிறேன். அதன்பின் ஒரே ஓட்டத்தில் வெட்டு, சுருக்கு, எழுது:

```
ffmpeg -i a.mp4 -vf "crop=404:720:438:0,fps=1,scale=9:8:flags=area,format=gray" -f rawvideo a.bin
```

பிரேமுக்கு 72 பைட்தான். முன்பு ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக்காக எழுதி டிஸ்கைக் கொன்றுகொண்டிருந்தேன். (அந்த வெளி டிஸ்கின் கேபிளும் ஆட்டம் காண்கிறது. டவுனில் "ஒரிஜினல்" என்று தந்த கேபிள் இரண்டு வாரம்கூட உழைக்கவில்லை. இனிக் கொழும்புக்குப் போகிறவர்களிடம்தான் சொல்லிவிட வேண்டும்.)

தகன வீடியோவில் 27 இப்போது 3 ஆகிவிட்டது. ஸ்டேட்டஸ் துண்டுகளுக்கு இன்னொரு வேலை செய்தேன். பொருந்தும் ஒவ்வொரு பிரேம் ஜோடிக்கும் ஒன்றின் நேரத்திலிருந்து மற்றதன் நேரத்தைக் கழித்து, வரும் வித்தியாசத்துக்கு ஒரு ஓட்டு. உண்மையான துண்டு என்றால் ஓட்டெல்லாம் ஒரே எண்ணில் விழும். ஒரு 30 வினாடித் துண்டு 131-ல் 26 ஓட்டு வாங்கியது, அதாவது அசலின் 131-வது வினாடியிலிருந்து வெட்டியது. மீதி நாலும் கேமராவை வேகமாகத் திருப்பிய இடங்கள். வினாடிக்கு ஒரு பிரேம் என்பதால் அரை வினாடி பிசகினாலும் படம் மாறிவிடுகிறது. தற்செயலாகப் பொருந்தும் வீடியோக்களில் ஓட்டு சிதறிக் கிடக்கும்.

மறுபடி ஓடவிட்டதில் அந்த 412 உடைந்துவிட்டது. ஆனால் 58 வீடியோ கொண்ட புதுக் கூட்டம் ஒன்று முளைத்தது, எல்லாவற்றின் ஹாஷும் `f0f0f0f0f0f0f0f0`-க்குக் கிட்டே. திறந்தால் பனிமூட்டம்! பட்டிப்பொலயில் ரயில் ஜன்னல், நுவரெலியாவில் கல்யாண வாசல், மலையுச்சியில் நின்று "பாரு, ஒன்னும் தெரியல" என்று சிரிக்கும் பையன்கள். வெறும் வெள்ளையில் லென்ஸின் நடு கொஞ்சம் வெளிச்சம், ஓரம் கொஞ்சம் மங்கல். இடப்பாதி முழுக்க ஏறுமுகம், வலப்பாதி முழுக்க இறங்குமுகம், அதாவது வரிசைதோறும் 11110000, பதினாறடிமான எண்ணில் f0. நான் பனியை ஹாஷ் செய்யவில்லை, லென்ஸை ஹாஷ் செய்திருக்கிறேன்.

72 புள்ளிகளில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 20-கூட வித்தியாசமில்லாத பிரேம்களைக் கணக்கிலிருந்து தள்ளினேன். ரயில் சுரங்கத்தின் இருட்டும் இதிலேயே போய்விட்டது. ஆனால் 58-ல் 17 வீடியோவுக்கு ஒரு பிரேம்கூட மிஞ்சவில்லை. அவற்றைத் தனி போல்டரில் போட்டிருக்கிறேன், கண்ணால்தான் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் கறுப்புக்குப் பதிலாக அதே படத்தை மங்கலாக்கி நிரப்பிய வீடியோக்களிடம் cropdetect இன்னும் தோற்கிறது. அதற்கு வழி கிடைக்கவில்லை.

ஒரே கூத்தை இரண்டு பேர் பக்கத்தில் நின்று எடுத்தவை டிஹாஷில் வேறு வேறாகவே வருகின்றன. அது சரிதான், அவை பிரதிகள் இல்லை. ஆனால் எது எந்த இரவு என்று தெரிந்தால் நல்லது. தப்பு மேளச் சத்தம் இரண்டிலும் ஒன்றுதானே, fpcalc வைத்து ஒலிக்கு ரேகை எடுத்துப் பார்க்கலாம் என்று நேற்றே இறக்கி வைத்துவிட்டேன். முதலில் அந்த 17-ஐப் பார்க்கவேண்டும். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறார், பனிக்குள் இருப்பது யார் என்று அவருக்குத்தான் தெரியும்.