அச்சுத்தாளின் அடியில் கிடந்த சாவி

சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத் தொழிலாளர்களுக்கான சிறிய கூட்டுறவுக் கழகம் ஒன்றின் அகப்பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முன்பு பார்த்துவந்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது அது என் தலையில் விழுந்தது. ஓடிக்கொண்டிருப்பதை எதற்குத் தொடுவானேன் என்று ஓராண்டு உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை.

ஒருநாள் காலை, நாற்பது ஆண்டு பால்மரம் சீவிய பெரியம்மா ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, என் மருமகன் என் கணக்கைத் திறந்து, வாரிசாக யார் பெயரைப் போட்டிருக்கிறேன் என்று பார்த்திருக்கிறான். கடவுச்சொல்லை நான் யாருக்கும் சொன்னதில்லை" என்றார். நான் நம்பவில்லை. கடவுச்சொல்லை எங்காவது எழுதி வைத்திருப்பார், பையன் பார்த்திருப்பான் என்றுதான் நினைத்தேன். ஆதாரத்துக்கென்று அவர் ஒரு தாளை நீட்டினார். முனைக்கடையில் அச்செடுத்த லாப ஈவுக் கணக்கு அது. உலாவிகள் அச்சுத்தாளின் அடியில் பக்கத்தின் முகவரியையும் பொடி எழுத்தில் போடுமல்லவா, அங்கே இது இருந்தது:

```
/penyata.php?tahun=2023&PHPSESSID=k3v9q1...
```

அந்தப் பொடி எழுத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நாம் உள்நுழைந்ததும் சர்வர் ஓர் அமர்வைத் தொடங்கி, அதற்கு ஓர் அடையாள எண்ணைக் கொடுக்கும். அதற்குப் பிறகு கடவுச்சொல்லை அது கேட்பதில்லை. எண்ணைக் காட்டுகிறவர்தான் உறுப்பினர். அந்த எண், உலாவி தனக்குள் வைத்துக்கொள்ளும் குக்கீயில் பயணிக்க வேண்டும். இங்கே அது முகவரியோடு ஒட்டிக்கொண்டு பயணித்திருக்கிறது. லாப ஈவு வந்த மகிழ்ச்சியில் பெரியம்மா அந்த இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். மருமகன் தொட்டான், பெரியம்மாவாகவே உள்ளே போய்விட்டான். அவன் எதையும் உடைக்கவில்லை, பாவம். சாவியைக் கையில் கொடுத்தது எங்கள் பக்கம்தான்.

முகவரி பூட்டுக்குறி போட்ட https முகவரிதானே என்று கழகச் செயலாளர் கேட்டார். அந்த மறைப்பு வழியில் மட்டும்தான். இரு முனைகளிலும் முகவரி வெட்டவெளியில் எழுதி வைக்கப்படுகிறது. நானே போய்ப் பார்த்தேன். முனைக்கடைக் கணினியில் எங்கள் முகவரியின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும், நீண்ட வாலோடு ஏழெட்டு முகவரிகள் கீழே விரிந்தன. ஊரில் பாதிப்பேர் அங்கேதான் அச்செடுக்கிறார்கள். சர்வரின் பதிவேட்டிலோ ஒரே சொடுக்குக்கு அந்த எண் ஐந்து இடத்தில் இருந்தது. பக்கத்தைக் கேட்ட வரியில் ஒருமுறை. பிறகு சின்னப் படம், பாணிக் கோப்பு என்று ஒவ்வொன்றையும் கேட்கும்போது "எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன்" என்று உலாவி சொல்லும் இடத்தில் மறுபடி மறுபடி.

இப்படி ஏன் அமைத்தார்கள் என்று `php.ini` கோப்பைத் திறந்தேன். குக்கீயை அணைத்து, எண்ணை இணைப்புகளில் தானாகச் சேர்க்கும் வசதியை இயக்கி வைத்திருந்தார் பழையவர். பழைய கைப்பேசிகளில் குக்கீ தகராறு செய்தது என்று ஒரு குறிப்பும் இருந்தது. போதாக்குறைக்கு, வழக்கமாக 1440 நொடி, அதாவது 24 நிமிடம் இருக்கும் ஆயுளை ஏழு நாளாக நீட்டியிருந்தார். மருமகன் மூன்றாம் நாள் தொட்டும் கதவு திறந்தது அதனால்தான்.

நான் மாற்றியது இவ்வளவுதான்:

```
session.use_cookies = 1
session.use_only_cookies = 1
session.use_trans_sid = 0
session.use_strict_mode = 1
session.cookie_httponly = 1
session.cookie_secure = 1
```

சர்வரை மறுபடி தொடங்கி, உள்நுழைந்து, முகவரியைப் பார்த்தேன், வால் இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன். சரியான சோதனை வேறு: வாலுள்ள பழைய முகவரியை, மறைநிலைச் சாளரத்தில், வேறு கைப்பேசியில் ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒட்டினேன். "வணக்கம் பெரியம்மா" என்கிற மாதிரி அவர் பெயரைச் சொல்லி வரவேற்றது!

காரணம் நிரலுக்குள் இருந்தது. கணக்கறிக்கைப் பக்கத்தில், முகவரியில் வரும் எண்ணைக் கையால் எடுத்து அமர்வில் வைக்கும் ஒரு வரியை யாரோ எழுதியிருந்தார்கள்:

```
session_id($_GET['PHPSESSID']);
```

அமைப்புக் கோப்பில் என்ன எழுதினாலும் இந்த வரி அதை மதிப்பதில்லை. கோப்புறை முழுக்கத் தேடியபோது இன்னோர் இடத்திலும் கிடைத்தது. இரண்டையும் நீக்கினேன். அப்போதும் வேலை முடியவில்லை. முகவரியில் வரும் எண்ணை இனி சர்வர் ஏற்காது, சரி. ஆனால் பதிவேட்டிலோ அச்சுத்தாளிலோ அதைப் பார்த்தவர் தன் உலாவியில் குக்கீயாக எழுதிக்கொண்டால்? ஏழு நாள் ஆயுள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே. ஆகவே சர்வரில் சேமித்திருந்த அமர்வுக் கோப்புகள் அத்தனையையும் அழித்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து விழுந்தார்கள். உள்நுழையும்போது எண்ணைப் புதிதாக்கும் வரியையும் அன்றே சேர்த்துவிட்டேன்.

பதிவேட்டில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதையும், எங்கிருந்து வந்தார் என்பதையும் எழுதாதபடி, எங்கள் சர்வர் மென்பொருளான nginx-இன் பதிவு வடிவத்தை மாற்றினேன். அதன் பிழைப் பதிவேடு மட்டும் இந்த மாற்றத்துக்குக் கட்டுப்படாமல் முழு வரியையும் எழுதிக்கொண்டேதான் இருக்கும். அதனால் முகவரியில் இரகசியமே வராமல் பார்ப்பதுதான் வழி. பதிவேட்டைச் சுத்தம் செய்வது இரண்டாம்பட்சம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் தப்பிக்க முடியவில்லை. கடவுச்சொல்லை மறந்தவருக்கு அனுப்பும் இணைப்பில் இரகசியம் இருந்தே ஆக வேண்டும். அவரிடம்தான் இன்னும் குக்கீ இல்லையே. அதை இருபது நிமிடம், ஒரே முறை என்று சுருக்கினேன். உடனே புதுப் புகார் கிளம்பியது: இணைப்பைத் தொட்டால், முதல் தடவையே "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்கிறதாம். அலுவலகத்து எழுத்தர் தங்கச்சி அனுப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டியதுமே, முன்னோட்டப் படம் காட்டுவதற்காக அவருடைய கைப்பேசி எங்கள் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறது. உறுப்பினருக்குப் போய்ச் சேரும்முன்பே அந்த ஒரே முறையும் தீர்ந்துவிட்டது.

இப்போது இணைப்பைத் திறந்தால் ஒரு பொத்தான் மட்டும் வரும். திறப்பதால் எதுவும் செலவாகாது. பொத்தானை அழுத்தி POST கோரிக்கை வந்தால்தான் இரகசியம் தீரும், வாலில்லாத வேறொரு முகவரிக்குச் சர்வர் அனுப்பிவிடும். முன்னோட்டம் பொத்தானை அழுத்துவதில்லை. பழைய முகவரி உலாவி வரலாற்றில் கிடக்கட்டும், அது செத்த சாவி. எங்கிருந்து வருகிறேன் என்று உலாவி சொல்லாதபடி, அந்தப் பக்கத்துக்கு மட்டும் `Referrer-Policy: no-referrer` என்ற தலைப்பையும் சேர்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. "முன்பெல்லாம் தொட்டதும் திறக்கும், இப்போது ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கிறதே" என்று முதியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஒருவரின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். பேரன் முகப்புத் திரையில் வைத்துக் கொடுத்திருந்த குறுக்குவழி, வாலோடு கூடிய முகவரி. வாரத்துக்கு இரண்டு முறை திறந்து பார்ப்பாராம். ஏழு நாள் கெடு ஒருபோதும் தீரவே இல்லை. இரண்டு சனிக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கைப்பேசியில் அந்தக் குறுக்குவழியை நீக்கி வெறும் முகவரியை வைத்துக் கொடுத்தேன். பெரியம்மாவும் வந்தார். வாரிசுப் பெயரை மாற்ற வேண்டும் என்றார்.