ஜெர்மன் இன்வாய்ஸும் இரண்டு வரிகளும்

2024-இல் எங்கள் கோவை பம்ப் கம்பெனிக்காக ஒரு ஜெர்மன் நிறுவனத்திடம் இம்பெல்லர் டிசைனைச் சரிபார்த்து ரிப்போர்ட் தரச் சொன்னோம். இன்வாய்ஸ் 10,000 யூரோ, வாட் பூஜ்யம். யூரோவை 90 ரூபாயாக வைத்தால் 9 லட்சம். வரியே இல்லை என்று எங்கள் முதலாளிக்குச் சந்தோஷம். உண்மையில் இங்கே இரண்டு வரி காத்திருந்தது.

முதலாவது ஜிஎஸ்டி. வெளிநாட்டுக்காரர் இங்கே ஜிஎஸ்டி கட்டமாட்டார் என்பதால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வாங்கியவரே 18 சதவீதம் ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும். எங்களுக்கு 1,62,000 ரூபாய். மற்ற கொள்முதல்களுக்குக் கட்டிய ஜிஎஸ்டி சேரும் கிரெடிட் லெட்ஜரில் எவ்வளவு இருப்பு இருந்தாலும் இதற்குத் தொட முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி ரிட்டர்னான GSTR-3B-இல் 3.1(d) வரிசையில் காட்டிவிட்டு, அதே மாதமே 4(A)(2)-இல் கிரெடிட்டாக எடுத்துக்கொண்டோம். செலவு இல்லைதான், ஆனால் கையில் பணம் வேண்டும்.

இரண்டாவது டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே நாம் பிடித்துக் கட்டும் வருமானவரி. இதில்தான் தகராறு. தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு உள்நாட்டுச் சட்டப்படி 20 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். இந்திய-ஜெர்மன் வரி ஒப்பந்தப்படி 10 சதவீதம்தான். ஆனால் அந்தச் சலுகைக்கு அவர்கள் ஊர் வரி அலுவலகம் தரும் குடியிருப்புச் சான்றும், நம் வருமானவரித் தளத்தில் அவர்களே பதியும் 10F படிவமும், இந்தியாவில் அவர்களுக்கு நிரந்தர அலுவலகம் இல்லை என்ற கடிதமும் தேவைப்பட்டன. பான் இல்லாதவர்களும் அந்தத் தளத்தில் பதிவு செய்யலாம் என்று சொன்ன பிறகுதான் அவர்கள் இறங்கி வந்தார்கள்.

அப்புறமும் ஒரு கேள்வி: "10,000 கேட்டோம், ஏன் 9,000 அனுப்புகிறீர்கள்?" பிடித்த 1,000 யூரோ அவர்கள் பெயரில் இங்கே கட்டிய வரி, ஜெர்மனியில் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று விளக்கினோம். ஜிஎஸ்டி நம் பையிலிருந்து கூடுதலாகப் போவது, டிடிஎஸ் அவர்கள் தொகையிலிருந்து குறைவது. டிடிஎஸ் பிடித்துவிட்டோம் என்று ஜிஎஸ்டியை 9,000-க்குக் கணக்கிடக் கூடாது, முழு 10,000-க்கும்தான்.

தொகை 5 லட்சத்துக்கு மேல் என்பதால் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் 15CB சான்றை ஆடிட்டர் கொடுத்தார். அதை வைத்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை வருமானவரித் துறைக்குத் தெரிவிக்கும் 15CA படிவத்தின் C பகுதியை நிரப்பினோம். அதன் ரசீது, இன்வாய்ஸ், அவர்களோடு போட்ட ஒப்பந்தம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் A2 படிவம் எல்லாம் வங்கிக்குப் போயின. ஒப்பந்தத்தில் இருக்கும் சேவையின் பெயரும் பணம் எதற்காகப் போகிறது என்று A2-வில் போடும் பர்ப்பஸ் கோடும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வங்கி திருப்பி அனுப்பும்.

காலாண்டு முடிந்து, வெளிநாட்டவரிடம் பிடித்த டிடிஎஸ்ஸுக்கான 27Q ரிட்டர்னைத் தாக்கல் செய்த பின், வரி பிடித்ததற்கான 16A சான்றை இறக்கி அனுப்பினோம். அதைப் பார்த்துத்தான் அவர்கள் கணக்கில் பாக்கி நின்ற 1,000 யூரோவை நீக்கினார்கள். அடுத்த ஒப்பந்தத்தில், கட்டணத்திலிருந்து இந்திய டிடிஎஸ் பிடிக்கப்படும் என்ற வரியை முதலிலேயே சேர்த்துவிட்டோம். வரி போக முழுத் தொகையும் கைக்கு வர வேண்டும் என்று அவர்கள் அடம்பிடித்திருந்தால், 10,000-ஐ 0.9-ஆல் வகுத்து 11,111 யூரோ செலவு என்று விலை பேசும்போதே கணக்குப் போட வேண்டியிருக்கும்.